வெளிநாட்டுக் கல்விக்கடன் கேள்வி பதில்: தவணை விடுமுறையிலும் வட்டி ஓடும்

கீழக்கரை: காக்கா, மகன் 2 வருட முதுகலைப் படிப்புக்கு அயர்லாந்து போறான். 20 லட்சம் கடன். படிக்கிற வரைக்கும் வட்டி கிடையாதுதானே?

உண்டு. கல்லூரிக்கு முதல் பணம் போன நாளிலிருந்தே ஓடும். விடுமுறை தவணைக்கு மட்டும்தான். பொதுத்துறை வங்கிகளில் வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும், அதாவது உங்களுக்கு 3 வருடம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். முதல் 5 லட்சத்துக்கு 3 வருட வட்டி 1.5 லட்சம். அடுத்தடுத்தவற்றுக்கு 1.25 லட்சம், 1 லட்சம், 75 ஆயிரம். மொத்தம் 4.5 லட்சம். தவணை தொடங்கும்போது இது அசலோடு சேரும். 24.5 லட்சத்துக்குப் பத்து வருடத் தவணை மாதம் சுமார் 32,400 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் 26,400தான். அதற்கு முதல் ஆறு மாதம் மாதாமாதம் 4,200 ரூபாய் போதும்; முழுப் பணமும் போனபின் 16,700 ஆகும்.

தொண்டி: அது தனிவட்டிதானே அண்ணே? அப்புறம் சேர்த்துக் கட்டினா என்ன நட்டம்?

பாதி சரி, தம்பி. அந்த 3 வருடத்துக்குள் வட்டிக்கு வட்டி இல்லை. அசலோடு சேர்ந்தபின் அந்த 4.5 லட்சத்துக்கும் வட்டி. மாதம் 6,000 கூடுதல் என்றால் 120 மாதத்தில் 7 லட்சத்தைத் தாண்டுகிறது.

தொண்டி: கடல் வருமானத்துல மாசாமாசம் எங்கே போறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையிலதான் கிடக்குது.

நியாயம்தான். பாடு உள்ள மாதங்களில் கிடைத்ததைக் கட்டுங்கள், 2,000 ஆனாலும் அசலில் சேர்வது குறையும். முழு வட்டியும் கட்டினால் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகள் உண்டு. பகுதியாகக் கட்டுவதற்கு அது வருமா என்பதைக் கிளையில் எழுத்தில் வாங்குங்கள்.

மண்டபம்: வேலை கிடைச்ச பிறகுதானே சார் கட்டணும்?

இல்லை. வேலை கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு வருடம் முடிந்ததும் தவணை வரும். படிப்பு நீண்டால், பல்கலைக்கழகக் கடிதத்தோடு முன்கூட்டியே வங்கிக்கு எழுதுங்கள்.

பாம்பன்: 40 சென்ட் தென்னந்தோப்பு, பட்டா தாத்தா பேர்ல. அடமானம் வைக்கலாமா?

சிரமம். 7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். நீதிமன்றம் போகாமலே வங்கி பிணைச் சொத்தை விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டத்தில் விவசாய நிலத்தை ஏலம் விட முடியாது. அதனால் பல வங்கிகள் ஏற்பதில்லை. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவுதான், உரிமைப் பத்திரம் ஆகாது. தாத்தா இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று இரண்டையும் முதலில் எடுங்கள். அங்கீகரித்த வரைபடமுள்ள வீடோ வைப்புத்தொகையோ இருந்தால் வேலை எளிது.

ஏர்வாடி: மகள் மதுரையில இன்ஜினியரிங் படிக்கிறா, எவ்வளவு கிடைக்கும்?

இங்கே வெளிநாட்டுப் படிப்பு மட்டும் பேசுகிறோம் அம்மா. பி.எம். வித்யாலட்சுமி தளத்தில் அவள் கல்லூரி இருக்கிறதா பாருங்கள்.

கீழக்கரை: சிறுபான்மையினருக்கு வட்டி மானியம் உண்டுனு சொன்னாங்களே?

படோ பர்தேஷ் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

தேவிபட்டினம்: படிக்கும்போது வட்டி ஓடுமா?

ஓடும். முதல் பதிலைப் படியுங்கள்.

இராமநாதபுரம்: தவணை ஆரம்பிக்கிறது நமக்கு எப்படித் தெரியும்?

கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அது பழைய முகவரிக்குப் போகும். விடுமுறை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கிளையில் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தவறினால் மகன் பெயரோடு, கூட்டுக் கடனாளியான உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கு.