நூல் பில்லில் 2% தள்ளுபடியை விட்டால் உண்மையில் எவ்வளவு வட்டி?

கேள்வி: இளம்பிள்ளையில் பத்து விசைத்தறி போட்டுச் சேலை ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை நூல் எடுப்பேன். நூல் 3,00,000, ஜிஎஸ்டி 15,000, ஆக பில் 3,15,000 ரூபாய். 10 நாளில் கொடுத்தால் நூல் விலையில் 2% தள்ளுபடி, இல்லாவிட்டால் 40 நாள் கெடு. நான் எப்போதும் 40-வது நாளில்தான் கொடுக்கிறேன். வங்கியில் சிசி எனும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கு இருக்கிறது, வட்டி 11.5%. லிமிட்டில் 4 லட்சம் எடுக்காமலே கிடக்கிறது. 2% கிடைக்கும் என்பதற்காக 11.5% வட்டிக்கு எடுத்துக் கொடுப்பது முட்டாள்தனம் என்று நான் சொல்கிறேன். மகன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே காலத்துக்கு உரியவை அல்ல. 11.5 என்பது ஒரு வருடத்துக்கு. 2 என்பது 30 நாளுக்கு. 10-வது நாளில் கொடுக்க வேண்டியதை 40-வது நாளில் கொடுக்கிறீர்கள் அல்லவா, அந்த 30 நாளுக்குத்தான் 2% விலை.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் உடனே பிடிபடும். யாராவது "ரெண்டு வட்டிக்குப் பணம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் வாங்குவீர்களா? வங்கியில் 4 லட்சம் சும்மா கிடக்கும்போது நிச்சயம் வாங்க மாட்டீர்கள். ஆனால் நூல் கடைக்காரரிடம் மாதா மாதம் கிட்டத்தட்ட அதே வட்டிக்குத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பில்லில் வட்டி என்று எழுதியிருக்காததால் அது கண்ணில் படவில்லை.

இப்போது துல்லியமாகப் போடுவோம். 10-வது நாளில் கொடுத்தால் நீங்கள் கொடுப்பது 3,09,000. 40-வது நாளில் 3,15,000. அதாவது 3,09,000 ரூபாயை 30 நாள் கையில் வைத்துக்கொள்வதற்கு 6,000 கொடுக்கிறீர்கள். 6,000-ஐ 3,15,000-ஆல் வகுக்கக் கூடாது, 3,09,000-ஆல்தான் வகுக்க வேண்டும், ஏனென்றால் உண்மையில் கடனாகக் கையில் நிற்பது அதுதான். 1.94% வரும். ஒரு வருடத்துக்கு மாற்ற 365-ஐ 30-ஆல் வகுத்துப் பெருக்குங்கள்:

```
6,000 ÷ 3,09,000 × 365 ÷ 30 = 23.6%
```

வரிக்கு முந்தைய விலையில் மட்டும் தள்ளுபடி, ஆனால் கொடுப்பது வரியும் சேர்த்து. அதனால்தான் இது முழு 2 ஆகாமல் 1.94-இல் நிற்கிறது. பாடப்புத்தகத்தில் இதையே கூட்டு வட்டியாகப் போட்டு 26% என்று காட்டுவார்கள். அதுவும் தப்பில்லை. ஆனால் வங்கி சொல்லும் 11.5 தனிவட்டி விகிதம், அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க 23.6 போதும்.

அதே பணத்தைச் சிசியிலிருந்து எடுத்தால் 3,09,000-க்கு 11.5% வீதம் 30 நாளுக்கு ஏறக்குறைய 2,920 ரூபாய் வட்டி. 6,000 மிச்சப்படுத்த 2,920 செலவு. ஒவ்வொரு பில்லிலும் 3,080 உங்கள் பக்கம் நிற்கும்.

"வருடத்துக்கு 23.6%" என்பது காகிதக் கணக்குதானே என்று தோன்றலாம். உங்கள் விஷயத்தில் அது காகிதக் கணக்கு இல்லை. 1-ஆம் தேதி பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் 10-வது நாள் 11-ஆம் தேதி. போன மாதப் பில்லின் 40-வது நாளும் ஏறக்குறைய அதே 11-ஆம் தேதிதான். ஆகவே நீங்கள் முறையை மாற்றும் முதல் மாதத்தில் மட்டும் இரண்டு பில்லும் ஒரே நாளில் வந்து நிற்கும். பழைய பில்லுக்கு 3,15,000, புதிய பில்லுக்கு 3,09,000. அடுத்த மாதம் முதல் மறுபடியும் ஒரே ஒரு பில், 3,09,000 மட்டும். அப்படியென்றால் சிசி கணக்கில் கடன் ஒரே ஒரு தடவை 3,09,000 கூடும், அதோடு அப்படியே நிற்கும். மாதா மாதம் ஏறிக்கொண்டே போகாது. இந்த ஒரு இடம் தெளிவாகாமல் பயந்துதான் பலர் தள்ளுபடியை விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கூடுதல் கடனுக்கு வருட வட்டி சுமார் 35,500. பன்னிரண்டு பில்லில் தள்ளுபடி 72,000. மிச்சம் 36,500 அளவில். அந்த 6,000-ஐ ஒவ்வொரு மாதமும் வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் சிசி கணக்கிலேயே விட்டுவைத்தால், கூடிய 3,09,000-மும் வட்டியோடு ஏறக்குறைய ஆறு வருடத்தில் தானாகவே அடைந்துபோகும். அதன் பிறகு வரும் தள்ளுபடி முழுக்க உங்களுடையது.

சிசி கணக்கில் இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. மாதா மாதம் நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து வங்கி டிராயிங் பவர், அதாவது நீங்கள் எடுக்கக்கூடிய கடனின் அளவு, போடும்போது, பணம் கொடுக்காத சரக்கைப் பொதுவாகக் கழித்துவிடும். நூல் கடைக்குக் கொடுக்க வேண்டியது 3,15,000 இருந்தால் அவ்வளவு ஸ்டாக்குக்கு உங்களுக்குக் கடன் கிடைக்காது. அந்தப் பில்லை அடைத்துவிட்டால் 25% மார்ஜின் போக 2.3 லட்சத்துக்கு மேல் டிராயிங் பவர் கூடும். ஆனால் மேலே லிமிட் என்ற கூரை இருக்கிறது. உங்கள் 4 லட்சத்தில் 3,09,000 போனால் 91,000-தான் மீதி. வாரக் கூலிக்கும் கரண்ட் பில்லுக்கும், சேலை எடுத்த வியாபாரி பணம் தர இரண்டு வாரம் இழுத்தால் சமாளிக்கவும் அது போதுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். போதாது என்றால் பாதியில் ஆரம்பியுங்கள். நூலை ஒன்றரை லட்சம் வீதம் இரண்டு பில்லாகப் போட்டுத் தரச் சொல்லி, ஒன்றை மட்டும் 10 நாளில் அடையுங்கள். சதவீதம் அதே 23.6-தான், தொகைதான் பாதி.

ஆனால் வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கி இந்தத் தள்ளுபடியைப் பிடிக்கப் போகாதீர்கள். 3,09,000-க்கு மாதம் 6,180 வட்டி. 6,000-க்காக 6,180 கொடுத்தது போலாகும்.

அடுத்து, நாள் கணக்கு. இந்தக் கணக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது. 10-வது நாள் தவறிப்போனது, மனசு கேட்காமல் 15-வது நாளில் கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த 6,000 வெறும் 5 நாளுக்குக் கொடுத்த விலை. வருடக் கணக்கில் ஏறக்குறைய 142%. எனவே 10-வது நாளைத் தவறவிட்டால் அவசரப்படவே வேண்டாம். தள்ளுபடி போனது போனதுதான், 40-வது நாள் வரை பணத்தைச் சிசியில் வைத்திருங்கள். பலர் 12, 15, 18 என்று நல்ல பெயருக்காக முன்கூட்டிக் கொடுக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான வழி.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். கெடு 40 நாள் என்றாலும் 70, 75 நாள் வரை கடைக்காரர் கேட்காமல் இருப்பார் என்றால் கணக்கு மாறும். 10-வது நாளிலிருந்து 62 நாள் தள்ளினால் அந்த 6,000-மும் சிசி வட்டியும் சமமாகிவிடும். 72-வது நாளுக்கும் அப்பால் சும்மாவே தள்ள முடிகிறவருக்குத் தள்ளுபடியால் லாபமில்லை. ஆனால் பில்லின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். கெடு தாண்டினால் 18% அல்லது 24% வட்டி என்று இருந்தால், இன்று கேட்காவிட்டாலும் கணக்கு முடிக்கும் அன்று கேட்கலாம். நூல் தட்டுப்பாடு வரும் மாதத்தில் முதலில் சரக்கு மறுக்கப்படுவதும் இழுத்தடிப்பவருக்குத்தான். கடை மூலமாக இல்லாமல், குறு, சிறு தொழிலாகப் பதிவு பெற்ற நூற்பாலையிடம் நேரடியாக வாங்கினால் 45 நாளுக்கு மேல் கெடு வைக்கச் சட்டமே இடம் தராது.

எல்லா வட்டிக் கணக்கையும் விட எனக்குக் கவலை தருவது நூலின் தரம். பில் அடையாமல் இருக்கும் வரை பேச்சு உங்கள் பக்கம். நூல் நம்பர் ஏறி இறங்கி வந்தாலோ, கோன் அடிக்கடி அறுந்தாலோ, "எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் விலையைக் குறையுங்கள்" என்று சொல்ல முடியும். 10-வது நாளில் முழுப் பணமும் போய்விட்டால் அதே குறைக்குப் பின்னால் அலைய வேண்டியது நீங்கள். பாவு ஓட்டி, தறியில் ஏற்றி, சேலையில் கோடு விழும்போதுதான் பல குறை தெரியும். அதற்குள் பத்து நாள் ஓடிவிடும். ஆகவே நூல் வந்த இரண்டொரு நாளிலேயே வெவ்வேறு மூட்டையிலிருந்து சில கோன்களை எடுத்து ஒரு தறியில் ஊடையாக ஓட்டிப் பாருங்கள். புதிய ஆலை நூல், முன்பின் ஓட்டாத ரகம் என்றால் அந்த ஒரு மாதம் தள்ளுபடியை விட்டுவிடலாம். 3,080 ரூபாய்க்காக 3 லட்சம் ரூபாய் நூலில் பிடியை விட வேண்டாம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். பத்து நாள் பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தா? செக் கொடுத்தால் கொடுத்த தேதியா, பணம் ஏறிய தேதியா? இதில் தகராறு வராமல் இருக்க 8-வது நாளே ஆர்டிஜிஎஸ்ஸில் போட்டுவிடுங்கள். இரண்டு நாள் முந்தியதால் கூடும் வட்டி 200 ரூபாய்கூட இல்லை. அப்புறம், தள்ளுபடிக்கு கிரெடிட் நோட் எப்படித் தருவார் என்பது. ஜிஎஸ்டியும் சேர்த்துக் குறைத்தால் 3,08,700 கொடுத்து, 300 ரூபாய் உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். வரியைத் தொடாத வணிகக் கிரெடிட் நோட் என்றால் 3,09,000 கொடுப்பீர்கள், வரி வரவு 15,000 அப்படியே இருக்கும். இரண்டிலும் உங்களுக்கு நிற்பது அதே 6,000. எந்த வகை என்று எழுத்தில் வாங்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நம்பர் நூலுக்கு வேறு இரண்டு கடையில் ரொக்க விலை கேளுங்கள். உங்கள் கடையில் தள்ளுபடி போக வரும் விலையும் அவர்கள் ரொக்க விலையும் ஒன்றாக இருந்தால் தள்ளுபடி உண்மையானது. தள்ளுபடி போயும் உங்கள் விலை அதிகமாக இருந்தால், முதலில் விலையை ஏற்றி அப்புறம் குறைத்திருக்கிறார்கள். அப்போது பேச வேண்டியது விலையைப் பற்றி.

நீங்கள் 10-வது நாளில் கொடுக்க ஆரம்பித்த பிறகு சில மாதத்தில் கடைக்காரர் தள்ளுபடியைக் குறைக்கப் பார்க்கலாம். 30 நாள் இடைவெளிக்கு, உங்கள் சிசி வட்டி 11.5% இருக்கும் வரை, இந்தப் பில்லில் எல்லைக் கோடு 2,950 ரூபாய், அதாவது 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கால்தான் என்றால் 40 நாளையும் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.