தயிர் ஊற்றியும் இட்லி மாவு ஏன் பொங்கவில்லை?

"மதுரையிலிருந்து குன்னூருக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே குளிருக்கு இட்லி மாவு பொங்குவதே இல்லை. பாலைத் தயிராக்குவதும் மாவைப் புளிக்க வைப்பதும் ஒரே பாக்டீரியாதானே என்று அரைத்த மாவில் இரண்டு கரண்டி தயிர் கலந்து, சூடான வெந்நீர் உள்ள அண்டாவுக்குள் இறக்கி வைத்தேன். காலையில் நல்ல புளிப்பு. ஆனால் மாவு வைத்த மட்டத்திலேயே இருந்தது, இட்லி கல்லாகிவிட்டது. எங்கே தவறு?"
– வாசகி, குன்னூர்

புளிப்பது வேறு, பொங்குவது வேறு. உங்கள் மாவு முதல் வேலையைச் செய்துவிட்டது, இரண்டாவதைச் செய்யவில்லை. தயிருக்கு முதல் வேலை மட்டும் போதும், இட்லிக்கு இரண்டும் வேண்டும்.

பாலை எடுத்துக்கொள்வோம். அதில் கேசின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதால்தான் பால் பாலாகவே இருக்கிறது. உறை ஊற்றியதும் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. புளிப்பு ஏறினால் குறையும் அளவு பி.எச்.; பாலில் அது சுமார் 6.6. அமிலம் ஏற ஏற அது 4.6 பக்கம் இறங்கும்போது அந்தத் தள்ளுமுள்ளு நின்று, உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வலைபோல் பின்னிக்கொள்கின்றன. நீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் தயிர். இதில் காற்றுக்கு வேலையே இல்லை. சொல்லப்போனால் தயிரில் ஓட்டை ஓட்டையாகக் குமிழி தெரிந்தால், வேண்டாத கிருமி ஏதோ புகுந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

தயிரில் பெரும்பான்மையாக இருக்கும் பாக்டீரியாக்கள், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு கிடைத்தால் அதை இரண்டு லாக்டிக் அமிலமாக உடைப்பவை. மிச்சம் எதுவும் கிடையாது. இட்லி மாவில் முதலில் கிளம்பும் லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் அப்படி இல்லை. அதே சர்க்கரையிலிருந்து ஒரு லாக்டிக் அமிலம், கொஞ்சம் ஆல்கஹால் அல்லது அசெட்டிக் அமிலம், கூடவே கார்பன் டை ஆக்சைடு வாயு. மாவைத் தூக்குவது அந்த வாயுதான். இட்லி மாவு பொங்குவதில் இந்த பாக்டீரியாவுக்குள்ள பங்கை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு 1965இல் விவரமாக எழுதியது.

ஆக, நீங்கள் ஊற்றிய தயிர் அமிலம் போடும் கூட்டத்தை முன்கூட்டியே உள்ளே அனுப்பிவிட்டது. லூக்கோனாஸ்டாக்குக்கு ரொம்பப் புளிப்பு ஆகாது. மற்றவை புளிப்பை ஏற்றும் முன்பு அது கிளம்பியாக வேண்டும். வெந்நீர் அண்டா இன்னொரு இடைஞ்சல். தயிருக்கு 40 டிகிரி சுகம், லூக்கோனாஸ்டாக்குக்கோ 25இலிருந்து 30 டிகிரி வரைதான். குளிருக்குப் பயந்து சூடு கூட்டினால் ஜெயிப்பது புளிப்புக் கூட்டம்தான். ரவா இட்லிக்குத் தயிர் ஊற்றுகிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே தயிரின் அமிலம் சமையல் சோடாவோடு சேர்ந்து வாயு தருகிறது, பாக்டீரியா அல்ல.

சரி, லூக்கோனாஸ்டாக்கை எங்கே போய்த் தேடுவது? உளுந்திலேயே இருக்கிறது. ஊறும்போதே அது பெருக ஆரம்பிக்கும். பலர் ஊறிய உளுந்தை நாலைந்து தண்ணீர் கழுவி, ஊறிய நீரைச் சிங்க்கில் கொட்டிவிடுகிறார்கள். கழுவுவதை ஊறப்போடும் முன்பே முடித்துவிடுங்கள். ஊறிய நீரிலேயே அரையுங்கள். மாவைக் கையால் கரைப்பது பற்றி எங்கள் வீட்டிலும் கைராசிக் கதைகள் உண்டு. கை நன்றாகக் கலக்கும், லேசான சூடும் தரும். ஆனால் பாக்டீரியாவுக்காகக் கையை நம்ப வேண்டியதில்லை.

வாயு வந்தால் மட்டும் போதாது, அது வெளியே ஓடாமல் இருக்க வேண்டும். அதற்கும் உளுந்துதான். அதன் புரதம் குமிழிக்குத் தோல் போடுகிறது, அதன் வழவழப்பு அந்தத் தோலைக் கிழியாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் வெறும் அரிசி மாவு புளித்தாலும் இட்லியாகாது. எதில் அரைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மிக்சி என்றால் சூடேறும், உளுந்தில் காற்றும் சரியாக ஏறாது. ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டு அரைக்க வேண்டும். அரைத்ததும் ஒரு சின்ன உருண்டையைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் கோளாறு அரைப்பில்தான், எவ்வளவு புளிக்க வைத்தும் பிரயோஜனமில்லை.

குன்னூருக்கு நான் சொல்வது இது. நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு வெள்ளை உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். உளுந்தும் வெந்தயமும் ஒன்றாக, அரிசி தனியாக, ஐந்து மணி நேரம் ஊறட்டும். அரைத்த இரண்டையும் உப்புப் போட்டுக் கலந்து, தயிருக்குப் பதில் பழைய மாவு இரண்டு கரண்டி சேருங்கள். பழையது என்றால் நேற்றுப் பொங்கிய மாவு. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் கிடந்து மூக்கைத் துளைப்பது வேண்டாம், அதற்குள் லூக்கோனாஸ்டாக் ஒதுங்கி, புளிப்பைத் தாங்கும் மற்றவை கோலோச்சியிருக்கும். பக்கத்து வீட்டில் நன்றாகப் பொங்குகிறது என்றால் அங்கே கேட்டு வாங்குங்கள்.

மாவுப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் இடம் விட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, ஓரமாக ஒரு பாட்டிலில் வெந்நீர் வையுங்கள். பாட்டில் பாத்திரத்தைத் தொடக் கூடாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள், 28 அல்லது 30 காட்டினால் போதும். மதுரையில் எட்டு மணி நேரத்தில் ஆனது குன்னூரில் பன்னிரண்டு, பதினாலு ஆகலாம். அதனால் இரவு பத்து மணிக்கு அரைத்துவிட்டுக் காலை ஆறுக்கு இட்லி எதிர்பார்க்காதீர்கள், மாலையே அரைத்துவிடுங்கள்.

அப்புறம், மணி பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கலந்த மாவில் கொஞ்சம் எடுத்து, நேரான கண்ணாடி டம்ளரில் பாதியளவு ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். அதையும் அதே பெட்டிக்குள் வையுங்கள். மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறத்தாழ இருமடங்கு உயரம் வந்து, கண்ணாடி ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழியாகத் தெரிந்தால் அதுதான் பதம். ஏறிய மாவு நடுவில் குழிந்து, டம்ளர் சுவரில் மாவுக் கோடு விட்டு இறங்கியிருந்தால் நேரம் கடந்துவிட்டது. பதம் வந்ததும் கரண்டியை விட்டு அடித்துக் கலக்காமல், மேலிருந்து மெதுவாக அள்ளித் தட்டில் ஊற்றுங்கள்.

இப்போது கையிலிருக்கும் புளித்த மாவைக் கொட்ட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தோசை வாருங்கள், மெல்லிய தோசைக்கு மாவு பொங்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து மட்டும் அடுத்த மாவுக்கு உறை எடுத்துவிடாதீர்கள்.