'கண்டறியப்படவில்லை' என்றால் எதைக் கண்டறியவில்லை?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு மாதம். கட்டியின் டீ.என்.ஏ.யைத் தேடும் இரத்தப் பரிசோதனையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்திருக்கிறது. இனி ஸ்கான் தேவையில்லைத்தானே?

ஸ்கானை நிறுத்தி விடாதீர்கள். நான் திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இந்தப் பெறுபேற்றை எங்கள் வீட்டிலும் ஒருமுறை தவறாக விளங்கிக்கொண்டோம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 10 மில்லிலீற்றர் இரத்தத்திலிருந்து சுமார் 4 மில்லிலீற்றர் பிளாஸ்மா கிடைக்கும். அதில் மிதக்கும் டீ.என்.ஏ. 20 நனோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மரபணுவுக்கும் ஏறக்குறைய 6000 பிரதிகள் இருக்கும். எஞ்சியிருக்கும் நோய் மிகச் சிறிதாகி, பத்தாயிரத்தில் ஒரு பிரதி மட்டுமே கட்டியிலிருந்து வருகிறதென்றால், ஒரேயொரு மரபணு மாற்றத்தைத் தேடுபவருக்கு அந்தக் குழாயில் சராசரியாக ஒரு பிரதிகூட இல்லை; கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இல்லாததை அது எண்ண முடியாது. வெட்டியெடுத்த கட்டியை வாசித்து, அதற்கே உரிய 16 மாற்றங்களை ஒன்றாகத் தேடும் பரிசோதனையில் அதே குழாயில் சராசரியாகச் சுமார் பத்துத் துண்டுகள் இருக்க வாய்ப்புண்டு. அப்பாவுக்குச் செய்தது எந்த வகை என்பதை அறிக்கையில் பாருங்கள்.

அடுத்தது குழாய். என் சித்தியின் இரத்தத்தைச் சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்தக் குழாயிலுள்ள இரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால், வெள்ளணுக்கள் உடைந்து தமது டீ.என்.ஏ.யைக் கொட்டிவிடும்; கட்டியின் சொற்பப் பங்கு அந்த வெள்ளத்தில் கரைந்துபோகும். மிதக்கும் டீ.என்.ஏ. வழக்கமாக 167 எழுத்து நீளத் துண்டுகளாக இருக்கும். சித்தியின் மாதிரியிலோ டீ.என்.ஏ.யின் அளவு மிக அதிகமாகவும் துண்டுகள் மிக நீளமாகவும் இருந்தன என்பதை, விபரம் கேட்டு வாங்கிய பிறகே அறிந்தேன். அணுக்களை உடையாமல் சில நாட்கள் காக்கும் சிறப்புக் குழாயில் மீண்டும் எடுத்தபோது கட்டியின் டீ.என்.ஏ. தெரிந்தது. ஆனால் எங்கே என்று அந்த இரத்தம் சொல்லவில்லை. அப்போது எடுத்த ஸ்கானிலும் ஒன்றுமில்லை. நான்கு மாதம் கழித்தே ஈரலில் சிறு புள்ளி தெரிந்தது. அந்த நான்கு மாதமும் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது.

இன்னொன்று, நுரையீரலிலோ வயிற்றறைச் சவ்விலோ திரும்பும் நோய் இரத்தத்துக்குள் குறைவாகவே டீ.என்.ஏ.யை விடுவதால், எல்லாம் சரியாகச் செய்தாலும் தப்பிவிடலாம்.

இந்தப் பரிசோதனையின் உண்மையான பயனையும் மறைக்க விரும்பவில்லை. 2022இல் வெளியான டைனமிக் என்ற ஆய்வில், இரண்டாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயாளர் 455 பேரில், இந்தப் பெறுபேற்றைப் பார்த்து முடிவெடுத்த குழுவில் கீமோ பெற்றவர்கள் 15 சதவீதம். வழக்கமான முறையில் 28 சதவீதம். இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்களின் பங்கு இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அங்கே இரத்தம் எடுத்தது சத்திரசிகிச்சைக்குப் பின் 4ஆம், 7ஆம் வாரங்களில், கீமோ தேவையா என்று தீர்மானிப்பதற்காக. ஸ்கானை விடலாமா என்று பார்ப்பதற்காக அல்ல.

அடுத்த கிளினிக்கில் எந்தக் குழாயில் எடுத்தார்கள், எத்தனை மணி நேரத்தில் சுழற்றினார்கள், எத்தனை மாற்றங்களைத் தேடினார்கள், மறுபடி எப்போது எடுப்பது என்று கேளுங்கள். சீ.ஈ.ஏ. என்ற புற்றுநோய்க் குறிப்பானை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் சீ.டீ. ஸ்கானும் வைத்தியர் குறித்த திகதிகளிலேயே நடக்கட்டும்.