விடுமுறை நாளில் மட்டும் ஏன் இத்தனை கனவுகள்?

கேள்வி: வேலை நாட்களில் இரவு 11 மணிக்குப் படுத்து, 5 மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்துவிடுகிறேன். கனவே வருவதில்லை. விடுமுறையில் 7.30 வரை தூங்கினால் நீளநீளமாக, விசித்திரமான கனவுகள். அன்று என் தூக்கம் கெட்டுப்போகிறதா?

பதில்: இல்லை. மற்ற நாட்களில் அலாரம் வெட்டிவிடுகிற பகுதியைத்தான் விடுமுறையில் தூங்கி முடிக்கிறீர்கள்.

தூக்கம் இரவு முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், பிறகு மூடிய இமைக்குள் கருவிழிகள் அங்குமிங்கும் ஓடும் ‘ரெம்’ தூக்கம் என்று ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று வரும். ரெம் தூக்கத்தை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பப்படுபவர்களில் பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். மற்ற நிலைகளிலும் கனவு உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் துண்டு துண்டான எண்ணங்கள்தான்.

சுற்றுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ரெம் பத்து நிமிடத்தோடு முடிந்துவிடும். விடியல் நெருங்க நெருங்க ரெம் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். 11-க்குப் படுக்கும் உங்களுக்கு 5 மணிக்குள் நான்கு சுற்று முடியும். 5 முதல் 7.30 வரையிலான நேரத்தில் ஆழ்ந்த தூக்கம் அநேகமாக இருக்காது. லேசான தூக்கமும் நீண்ட ரெம்மும்தான். அதன் நடுவிலேயே விழிப்பதால் கனவு கையும் களவுமாகப் பிடிபடுகிறது. வேலை நாட்களிலும் கனவு வந்திருக்கும். நினைவில்தான் தங்கவில்லை.

கனவின் விசித்திரத்துக்கும் காரணம் உண்டு. ரெம்மின்போது உணர்ச்சியையும் காட்சியையும் கையாளும் மூளைப்பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கும், “இது நடக்கிற காரியமா?” என்று கேட்க வேண்டிய முன்மூளைப் பகுதி அடங்கியிருக்கும். அதனால்தான் பள்ளித் தேர்வு அறையில் இன்றைய மேலதிகாரி வினாத்தாள் கொடுத்தாலும் நாம் பதறுகிறோமே தவிர, சந்தேகப்படுவதில்லை. நினைவைப் பதிக்க உதவும் நோரட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருளும் அப்போது மிகக் குறைவு. பல் துலக்கி முடிப்பதற்குள் கனவு கரைந்துபோவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகிறார்கள்.

சரி, கனவு எதற்காக? மூளைத்தண்டு எழுப்பும் தாறுமாறான சமிக்ஞைகளுக்கு மேல்மூளை கதை கட்டுகிறது என்று 1977-இல் ஹாப்சன், மெக்கார்லி என்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். உணர்ச்சி கலந்த நினைவுகளை மூளை ஒழுங்குபடுத்தும் வேலை அது என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதே என் எண்ணம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: வேலை நாட்களில் 10 மணிக்கே படுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் விடுமுறைக் கனவுகளின் நெரிசல் குறைய வாய்ப்புண்டு. ரெம்மில் கைகால் தசைகள் செயலற்றுக் கிடப்பதுதான் இயல்பு. கனவில் அடிப்பதை நிஜமாகவே அடித்து, உதைத்துப் பக்கத்தில் படுத்திருப்பவரைக் காயப்படுத்தினால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.