ஒரே பதிவிலிருந்து தன்தொடர்பு

"பினாங்குப் பாலத்தின் அதிர்வு உணரி ஒன்றின் ஒரே பதிவுதான் என்னிடம் உள்ளது. சமிக்ஞை நிலைத்தது என்றால், தன்தொடர்பை அதிலிருந்தே கணிக்கலாமா?"

நிலைத்தன்மை மட்டும் போதாது. எர்கோடிக் பண்பும் வேண்டும்: அதாவது, ஒரே பதிவின் நேரச் சராசரி, சாத்தியமான எல்லாப் பதிவுகளின் சராசரியோடு ஒத்துப்போக வேண்டும். உணரியை இயக்கும் ஒவ்வொரு முறையும் சராசரி 0, மாறுபாடு 4 கொண்ட தற்செயல் விலக்கம் A அமைந்து, பதிவு முடியும்வரை மாறாமல் நிற்க, அதன்மேல் மாறுபாடு 1 உள்ள, A-ஐச் சாராத வெண்ணிரைச்சல் கூடுவதாகக் கொள்வோம். இது நிலைத்ததே: சாத்தியமான எல்லாப் பதிவுகளின் சராசரியில் தன்தொடர்பு R(0) = 5, மற்ற நேர இடைவெளிகள் k-இல் R(k) = 4. ஆனால் உங்கள் பதிவில் A = 3 என்று அமைந்துவிட்டால், பதிவு எவ்வளவு நீண்டாலும் நேரச் சராசரியில் கிடைக்கும் R(0), R(k) முறையே 10, 9 ஆகியவற்றையே நெருங்கும். சராசரியைக் கழித்தாலோ 1, 0 கிடைத்து, விலக்கத்தின் தடயமே மறையும். உணரியை அணைத்து மீண்டும் இயக்கி, பல பதிவுகளின் சராசரிகளை ஒப்பிட்டால்தான் இது தெரியும்.

அவை ஒத்துப்போனாலும், 1000 மாதிரிகளில் k = 900-க்கு 100 பெருக்கல்களே கிடைப்பதால் அங்கே மதிப்பீடு தடுமாறும். மாதிரிகளின் எண்ணிக்கை N என்றால், N−k-ஆல் வகுப்பதைவிட N-ஆல் வகுப்பதையே நான் விரும்புவேன்: k கூடக்கூட மதிப்பு பூச்சியத்தை நோக்கி அதிகம் சுருங்கினாலும், தடுமாற்றம் குறையும்.