சின்னக் கடைக்கு ஒரு பக்க டாஷ்போர்ட்: முதலில் எதைப் போடுவது?

கேள்வி: கொக்குவிலில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பில் மெஷின் இல்லை, எல்லாம் கொப்பியில்தான். தினமும் எவ்வளவு விற்றது, என்ன சாமான் முடியப்போகிறது என்று போனில் ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டும். கம்பஸில் படிக்கும் மகள் கூகுள் ஷீட்டில் செய்து தருகிறேன் என்கிறாள். ஒருவர் வந்து ரெடிமேட் சொஃப்ட்வெயார் இருக்கிறது, வாங்குங்கள் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: மகளிடம் கொடுங்கள். வந்தவரை இப்போதைக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அவர் காட்டிய திரையில் வட்ட வட்டமாகக் கலர்ப் படங்கள் இருந்திருக்கும். சீனி இத்தனை வீதம், பருப்பு இத்தனை வீதம் என்று. அதைப் பார்த்து நாளைக் காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு வேண்டியது ஒரு சாமானுக்கு ஒரே எண்: கையில் இருப்பது இன்னும் எத்தனை நாளுக்குக் காணும். சாமான் கொண்டுவரும் வான் வர ஏழு நாள் இருக்கும்போது நாலு நாளுக்குத்தான் காணும் என்றால், போனை எடுத்து ஓடர் சொல்லலாம். 40 நாளுக்குக் காணும் என்றால் ரெப் எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம் என்று சொல்லலாம். மாதக் கடைசியில் அவருடைய டார்கெட்டை உங்கள் தட்டில் அடுக்கிவிட்டுப் போவது இந்த ஊரில் புதிதில்லை. காசு பிஸ்கட் பெட்டியாகி மூலையில் கிடக்கும், திகதியும் முடிந்துவிடும்.

கடையில் இருக்கும் எல்லாச் சாமானையும் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் பத்தாம் நாள் கைவிட்டுவிடுவீர்கள். அதிகம் காசு புரளும் 15 சாமான் போதும்: சீனி, மா, பருப்பு, பால்மா, தேங்காயெண்ணெய், சவர்க்காரம், அந்த மாதிரி. ஒவ்வொரு விற்பனையையும் எழுதவும் வேண்டாம். இரவு கடை பூட்டும்போது அந்தப் பதினைந்தையும் எண்ணி மிச்சத்தை எழுதுங்கள், பத்து நிமிஷ வேலை. நேற்று இருந்தது, இன்று வந்தது இரண்டையும் கூட்டி, இப்போது மிச்சமிருப்பதைக் கழித்தால் விற்றது வந்துவிடும். மகள் 'பதிவு' என்று ஒரு தாள் திறந்து A-யில் திகதி, B-யில் சாமான், C-யில் இருந்தது, D-யில் வந்தது, E-யில் மிச்சம் என்று வைத்தால், F-க்கு இது:

```
=C2+D2-E2
```

'வந்தது' என்ற இடத்தில் பில்லைப் பார்த்து எழுதாதீர்கள், பெட்டியை எண்ணி எழுதுங்கள். சவர்க்காரம் ஒரு டசினுக்கு ஒன்று இலவசம் என்று ரெப் தருவார். மூன்று டசின் எடுத்தால் பில்லில் 36, தட்டில் 39. நீங்கள் 36 என்று எழுதி, அன்று ஒன்றும் விற்காவிட்டால், விற்றது −3 என்று வரும். மைனஸ் கண்டால் ஷீட் பிழை என்று நினைக்காதீர்கள். அனேகமாக இலவசம் விடுபட்டிருக்கும். பில்லில் சாமானின் பெயரைக்கூட வாசிக்கிற மாதிரி எழுதித் தராத மொத்தக் கடைக்காரர்களைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் இந்தப் பக்கம் போதாது.

இனி எல்லாரும் விழுகிற குழி. எத்தனை நாளுக்குக் காணும் என்பதற்கு மிச்சத்தை ஒரு நாள் சராசரி விற்பனையால் வகுக்க வேண்டும். அந்தச் சராசரியில்தான் பிழை விடுவார்கள், காசுக்குச் செய்து தருகிறவர்களும் சேர்த்து.

பால்மாவை எடுங்கள். 14 நாளில் 56 பைக்கற்று விற்றிருக்கிறது. 14-ஆல் வகுத்தால் நாளுக்கு 4. கையில் 36 இருக்கிறது, அப்படியென்றால் 9 நாளுக்குக் காணும். வான் ஏழாம் நாள் வரும், பிரச்சினை இல்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். அந்த 14 நாளில் மூன்று நாள் கடையில் பால்மாவே இல்லை. அதற்கு முதல் நாள் கடைசிப் பைக்கற்று ஒன்று காலையிலேயே போய்விட்டது. அந்த நாலு நாளும் சனம் கேட்காமல் இருக்கவில்லை. கேட்டார்கள், நீங்கள் இல்லை என்றீர்கள், அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். ஷீட்டுக்கு அது தெரியாது, பால்மாவை யாரும் விரும்பவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

அந்த நாலு நாளையும் விட்டால் மீதி 10 நாளில் 55 விற்றிருக்கிறது. நாளுக்கு 5.5. கையில் இருக்கும் 36 பைக்கற்று ஆறரை நாளுக்குத்தான். வான் வருவதற்கு முன் தட்டு மறுபடி வெறுமையாகும், அந்த நாட்களும் பூச்சியமாகச் சராசரியில் சேரும், அடுத்த முறை இன்னும் குறைவாக ஓடர் கொடுப்பீர்கள். நல்லாய் ஓடுகிற சாமான் கொஞ்சம் கொஞ்சமாகக் கடையிலிருந்து காணாமல் போவது இப்படித்தான். ஓடாத சாமானுக்கு இந்தச் சிக்கலே வராது, அது எப்போதும் தட்டில் இருக்கும்.

திருத்துவது லேசு. இரவு மிச்சம் பூச்சியமாக இருந்த நாளைச் சராசரியில் சேர்க்காமல் விட்டால் போதும். முகப்புப் பக்கத்தில் A-யில் சாமான், B-யில் இன்றைய மிச்சம் இருந்தால், C-யில்:

```
=AVERAGEIFS('பதிவு'!F:F,'பதிவு'!B:B,A2,
'பதிவு'!A:A,">"&TODAY()-14,'பதிவு'!E:E,">0")
```

D-யில் `=B2/C2`. அதுதான் நாள் கணக்கு. 14 நாளும் ஒரு சாமான் இல்லாமலே இருந்தால் `#DIV/0!` என்று வரும், பயப்பட வேண்டாம். D-யில் 9-க்குக் குறைந்தால் சிவப்பாகும்படி மகளை வைக்கச் சொல்லுங்கள். வான் வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஏழு, அது பிந்தினால் சமாளிக்க இரண்டு. சிவப்பானவை மேலே வரட்டும்.

பக்கத்தின் தலையில் மூன்று எண் மட்டும்: இன்று லாச்சியில் விழுந்த காசு, இன்று கொடுத்த கடன், இன்று திரும்பி வந்த பழைய கடன். மூன்றையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். இன்றைய காசை நேற்றோடு ஒப்பிடாமல் போன வாரம் இதே கிழமையோடு ஒப்பிடுங்கள், ஞாயிறும் திங்களும் ஒன்றில்லை. போன் ரீலோட் காசை விற்பனையில் சேர்க்க வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்கு ரீலோட் போட்டால் உங்களுடையது அதில் வரும் கொமிஷன் மட்டும்தான்.

சொஃப்ட்வெயார்க்காரருக்கு வருவோம். எனக்கு இது பட்ட கதை. மச்சானின் கடைக்கு ஒருவர் செய்து கொடுத்தார், முதல் மூன்று மாதம் இலவசம். நாலாம் மாதம் வாடகை கேட்டார், மச்சான் பிந்தினார், ஒரு காலை திரை பூட்டிக்கிடந்தது. அதுவரை எழுதிய கடன் கணக்கு முழுக்க அதற்குள். சாமான் பெயரைத் தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாக வந்ததும் அதே திரையில்தான். யாழ்ப்பாணத்துக் கடைக்கு விற்கிற பொருளில் தமிழ் வரவில்லை என்று கேட்டால் அடுத்த வேர்ஷனில் வரும் என்பார்கள். எப்போதும் அடுத்த வேர்ஷன்தான்.

பின்னொரு நாள் கடை பெரிதாகி வாங்குவதென்றால், காசு கொடுக்க முதல், என் கணக்கு முழுவதையும், எந்த ஷீட்டிலும் திறக்கிற CSV கோப்பாக இப்போதே எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள். கூகுள் ஷீட்டும் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் திறந்ததாக இருக்கட்டும், செய்து தருகிறவரின் கணக்கில் வேண்டாம். மகள் என்றாலும் அப்படித்தான், அவள் நாளைக்குக் கொழும்புக்கு வேலைக்குப் போய் போனை மாற்றுவாள்.

முதல் 14 நாளும் பதிவு நிரம்பும் வரை D-யில் வரும் எண்ணை நம்பி ஓடர் கொடுக்காதீர்கள். அதுவரை கொப்பியே ராசா.