மூணு ஃபைல் இருக்கு, எதை ஏத்துறது?

கேள்வி: பையனோட பத்தாவது மார்க் ஷீட்டை ஏத்தணும், 200 கேபிக்குள்ள பிடிஎஃப் கேக்குது. பிரவுசிங் சென்டர்ல ஸ்கேன் பண்ணினது 2.4 எம்பி. கடைக்காரர் மூணு விதமா குறைச்சுக் குடுத்தார், கருப்பு வெள்ளை 62 கேபி, கலர் 80 கேபி, கிரே 187 கேபி. ஃபோன்ல மூணும் ஒரே மாதிரிதான் இருக்கு. எதை ஏத்தலாம்?

பதில்: கிரேல இருக்கிற 187-ஐ ஏத்துங்க. சின்ன ஃபைலா குடுத்தா நல்லதுன்னு பல பேர் நினைக்கிறாங்க, 200ன்னா அது மேல் வரம்பு மட்டும்தான், அதுவரைக்கும் இருக்கிற இடத்தை எழுத்து தெரியறதுக்குப் பயன்படுத்திக்கணும். ஃபோன்ல முழுப் பக்கமும் சுருங்கித் தெரியறதால வித்தியாசம் தெரியல, பெருசாக்கிப் பாருங்க.

அந்த 80 கேபி கலர் எப்படி வந்திருக்கும்னா, கலரை அப்படியே வச்சிக்கிட்டு 72 டிபிஐக்கு, அதாவது ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளிக்கு இறக்கியிருப்பாங்க. ஏ4 பக்கம் அதுல அகலத்துக்கு 595 புள்ளிதான், 150 டிபிஐல 1240. 72ல சின்ன எழுத்துக்கு எட்டு பத்து புள்ளி உயரம்தான் கிடைக்கும், தமிழ்ப் பேருன்னா மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளி காணாமப் போயிடும், ன-வும் ண-வும் ஒண்ணாயிடும், நம்பர்ல 3, 8 குழம்பும். ஜூம் பண்ணினாலும் போனது வராது.

கருப்பு வெள்ளைல எழுத்து கூர்மையாத்தான் இருக்கும், வெறும் வெள்ளைத் தாள்ல டைப் பண்ணினதுன்னா நானே அதைத்தான் சொல்லுவேன். ஆனா மார்க் ஷீட்ல பின்னணில டிசைன் இருக்கும், அது பொரிப்பொரியா கருப்பாகி எழுத்து மேல விழும், மங்கலான ஊதா சீல் இருந்தா பாதி அழிஞ்சிடும், போட்டோ இருந்தா கரித்திட்டு. கிரேல சாயல் தங்குது, சீலும் கையெழுத்தும் தெரியும்.

ஏத்தறதுக்கு முன்னாடி சீல் ஓரத்துல வளைஞ்சு இருக்கிற எழுத்து, சர்ட்டிபிகேட் நம்பர், பிறந்த தேதி இந்த மூணையும் பெருசாக்கிப் பாருங்க. நம்பரை ஒரிஜினல் பாக்காத ஒருத்தரைப் படிக்கச் சொல்லுங்க, நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கிறதால மங்கலா இருந்தாலும் படிச்சிடுவோம்.

அதுலயும் தடுமாறினா அந்த 187-ஐயே மறுபடி திருத்தாதீங்க, ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் எழுத்தைச் சுத்தி அழுக்கு மாதிரி சேரும். 2.4 எம்பி ஃபைல்ல இருந்து புதுசா பண்ணச் சொல்லுங்க, முதல்ல தாளைச் சுத்தி வர்ற ஸ்கேனர் ஓரத்தை வெட்டிட்டு, கிரே, 150 டிபிஐ, 190 கேபி கிட்ட. போர்ட்டல் கலர்லதான் வேணும்னு எழுதியிருந்தா மட்டும் கலர், அப்போ 120 டிபிஐ பக்கம் இறக்க வேண்டி வரும், அதையும் இதே மாதிரி படிச்சுப் பாத்துட்டுதான் ஏத்தணும். அந்த 2.4 எம்பி ஃபைலை அழிச்சிடாதீங்க, அடுத்த போர்ட்டல் 500 கேபி கேக்கும்.